கிரகப்பிரவேச நாள் மாறிவிட்டது: உறவினர் குழுவில் எப்படிச் சொல்வது?

கேள்வி: திருச்சியில் புது வீடு கட்டியிருக்கிறோம். ஆகஸ்ட் 30, ஞாயிறு அதிகாலை கிரகப்பிரவேசம் என்று 300 பத்திரிகை அடித்து, 110 வீடுகளுக்கு நேரில் கொடுத்தாகிவிட்டது. நாள் பார்த்துக் கொடுத்தவர் என் கணவரின் பெரியப்பா. ஹோமத்துக்கு ஏற்பாடு செய்த வாத்தியார், அன்று கணவருக்குச் சந்திராஷ்டமம் (சிம்ம ராசி) என்று சொல்லி, செப்டம்பர் 13 ஞாயிறு அதிகாலை 4.30 – 6.00 என்று மாற்றச் சொல்கிறார். இன்னும் 3 வாரம்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் உறவினர் குழுவில் 84 பேர் இருக்கிறார்கள். பெரியப்பா மனம் நோகாமல், யாருக்கும் குழப்பம் வராமல் எப்படி எழுதுவது? – வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குழுவில் எழுதுவதற்கு முன் இரண்டு நாள் பொறுங்கள். 3 வாரம் இருப்பதால் அந்த அவகாசம் உங்களுக்கு உண்டு. நாள் மாறியதைவிட, மாறிய நாள் மறுபடி மாறுவதுதான் உறவினர்களைச் சலிப்படைய வைக்கும். “30ஆம் தேதி இல்லை, புதுத் தேதி பிறகு சொல்கிறோம்” என்று ஒரு செய்தி, நான்கு நாள் கழித்து “13ஆம் தேதி” என்று இன்னொன்று, அதற்குப் பிறகு “நேரம் கொஞ்சம் மாறியிருக்கிறது” என்று மூன்றாவது போனால், முதலில் பார்த்ததை மட்டும் மனதில் வைத்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம், கடைசியாகப் பார்த்ததை மட்டும் நம்புபவர்கள் இன்னொரு பக்கம் என்று குழு பிரிந்துவிடும். பழைய நாளுக்குப் பத்து நாளுக்கும் குறைவாக இருந்தால் மட்டும், புதுத் தேதி கைக்கு வராவிட்டாலும் உடனே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரே செய்தியில் பழைய நாள் இல்லை என்பதையும் புது நாள் எது என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

இந்த இரண்டு நாளில் முதல் வேலை பெரியப்பாவிடம் பேசுவது. அதை நீங்கள் செய்ய வேண்டாம், உங்கள் கணவர் செய்யட்டும். முடிந்தால் நேரில், இல்லையென்றால் போனில். வாத்தியார் சொன்ன காரணமே இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். நாள்காட்டியிலும் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்கும் முகூர்த்த நாள் பொதுவாக எல்லோருக்கும் உரியது. திதி, நட்சத்திரம், யோகம் பார்த்துக் குறித்தது. வீட்டுக்காரரின் ராசிக்கு அந்த நாள் பொருந்துமா என்பது தனிக் கணக்கு. பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கும் சுமார் இரண்டேகால் நாள்தான் சந்திராஷ்டமம். சிம்மத்துக்கு எட்டாவது மீனம். ஆகஸ்ட் 30 அதிகாலை சந்திரன் மீனத்தில் இருக்கிறார். ஆகவே நாள் பார்த்ததில் பிழை என்று சொல்லத் தேவையே இல்லை. “நீங்க பார்த்தது நல்ல நாள்தான் பெரியப்பா. என் ராசிக்கு அன்னிக்கு எட்டுல சந்திரன் வருதுன்னு வாத்தியார் சொல்றாரு. 13ஆம் தேதியை நீங்களும் ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க, அப்புறம்தான் மத்தவங்களுக்குச் சொல்லணும்” என்று கணவர் கேட்டால், அது உண்மை, மரியாதையும் கூட. செய்தி குழுவுக்கு வரும்போது பெரியப்பாவுக்கு அது புதிதாக இருக்கக்கூடாது. எண்பத்து நான்கு பேர் முன்னால், தான் குறித்த நாள் மாறியதை முதல்முறையாகப் படிப்பதுதான் பெரியவர்களைப் புண்படுத்துகிறது.

அவர் சம்மதித்த பிறகு இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: குழுவில் உங்கள் செய்தி வந்ததும் முதல் பதிலை அவரே போடட்டும். “நானும் பார்த்தேன், 13 நல்ல நாள். எல்லோரும் வந்துவிடுங்கள்” என்று இரண்டு வரி போதும். குடும்பக் குழுக்களில் பஞ்சாங்க விவாதம் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். ஒருவர் வாக்கியப் பஞ்சாங்கம் என்பார், இன்னொருவர் திருக்கணிதம் என்பார். இரண்டுக்கும் திதி, நட்சத்திர நேரம் சில மணி நேரம் முன்பின்னாக வருவது சகஜம் என்பதால் அந்த விவாதத்துக்கு முடிவே கிடையாது. நாள் குறித்த பெரியவரே “சரி” என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் பேசுவதற்கு அதிகம் இருக்காது. அதற்காகவே வாத்தியாரிடமும் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: 13ஆம் தேதியை எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தார், உங்கள் நட்சத்திரத்துக்கும் சேர்த்துப் பார்த்தாரா, அந்த அதிகாலைக்கு வேறு வீடு ஏதும் ஒப்புக்கொண்டிருக்கிறாரா. நாளைச் சொல்லிவிட்டு, அன்று தனக்கு வேறு ஹோமம் இருக்கிறது, தம்பியை அனுப்புகிறேன் என்று கடைசியில் சொல்பவர்களும் உண்டு.

சமையல்காரரிடமும் பந்தல்காரரிடமும் அதே நாளில் பேசிவிடுங்கள். ஆவணி ஞாயிறு என்றால் நல்ல சமையல்காரர்கள் முன்பே வேறு விழாவை ஒப்புக்கொண்டிருப்பார்கள். “தேதி மாறியிருக்கு” என்று தகவலாகச் சொல்லிவிட்டு வைக்காமல், “13 காலை டிபனுக்கு நீங்கள் வர முடியுமா, கொடுத்த முன்பணம் அதே கணக்கில் வருமா” என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்கறி, பால், பூ, வாழைமரம் எல்லாம் விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வாங்குபவைதான். அதனால் இப்போது மாற்றினால் அந்தப் பொருட்களில் நஷ்டம் வராது. இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். செப்டம்பர் 17 அன்று புரட்டாசி பிறக்கிறது, பெரும்பாலான குடும்பங்கள் அந்த மாதத்தில் புதுமனை புகுவதில்லை. 13ஆம் தேதி வாத்தியாருக்கோ சமையல்காரருக்கோ ஒத்துவராமல் போனால் அடுத்தது ஐப்பசிக்குத்தான், அக்டோபர் நடுவுக்குப் பிறகுதான். இதை இப்போதே தெரிந்துகொண்டால் அதற்கேற்ற பதில் உங்கள் கையில் இருக்கும்.

அடுத்தது, யார் வராவிட்டால் விழா நடக்காது என்று ஒரு சின்னப் பட்டியல். உங்கள் பிறந்த வீட்டிலிருந்து சீர் கொண்டு வருபவர்கள், விளக்கு எடுத்து வரும் நாத்தனார், இரண்டு வீட்டுப் பெரியவர்கள், விமானத்தில் வருபவர்கள். மொத்தம் எட்டு பத்து வீடுகள் இருக்கும். இவர்களுக்குக் குழுச் செய்திக்கு முன்பே போன் செய்யுங்கள். நாத்தனாருக்கு 13ஆம் தேதி முடியாதென்றால் அது குழுவுக்கு வரும் முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும். பத்திரிகை நேரில் கொடுத்த 110 வீடுகளுக்கும் குழுச் செய்தி மட்டும் போதாது. மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுத்த அழைப்பை ஒரு குறுஞ்செய்தியில் மாற்றினால் “வீட்டுக்கு வந்து அழைத்தார்கள், மாற்றியதை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டார்கள்” என்ற பேச்சு வரும். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம் போன் போதும். இருவரும் பங்கு போட்டுக்கொண்டால் நான்கு மாலைகளில் முடிந்துவிடும். குழுச் செய்தி போன பிறகும் இந்தப் போன்களைத் தொடரலாம். முதலில் சொன்ன பத்து வீடுகள் மட்டும் முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

இனி செய்தி. பலரும் “தவிர்க்க இயலாத காரணங்களால்” என்று தொடங்குகிறார்கள். நம் குடும்பங்களில் அந்தச் சொற்களைப் படித்ததும் மனம் போவது துக்கத்துக்கோ, உடல்நலக் குறைவுக்கோ, பணப் பிரச்சினைக்கோதான். பத்து நிமிடத்தில் “என்னம்மா ஆச்சு?” என்று போன்கள் வரும். காரணத்தை ஒரே வரியில் உண்மையாகச் சொல்லிவிடுங்கள். ராசி, சந்திரன், எந்தப் பஞ்சாங்கம் என்ற விளக்கம் வேண்டாம். விளக்கம் நீளும்போது வாதத்துக்கு இடம் கொடுக்கிறோம். “ரத்து”, “கேன்சல்” என்ற சொற்கள் சுப காரியத்துக்கு வேண்டாம், “நாள் மாற்றியிருக்கிறோம்” என்றே எழுதுங்கள். ஆனால் பழைய தேதியில் விழா இல்லை என்பதைத் தனி வரியாக, மழுப்பாமல் எழுத வேண்டும். அந்த வரி இல்லாத செய்திகளைப் படித்துவிட்டு, ஒருவேளை 30ஆம் தேதி பூஜை, 13ஆம் தேதி விருந்தோ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

அதைவிடப் பெரிய குழப்பம் அதிகாலை நேரத்தில் இருக்கிறது. “ஞாயிறு 4.30” என்று மட்டும் எழுதினால் மாலை 4.30 என்று எடுத்துக்கொள்பவர்கள் சிலர். அதிகாலை என்று புரிந்துகொண்டவர்களிலும், ஞாயிற்றுக்கிழமை விழா என்பதால் சனி இரவு பேருந்து ஏறி ஞாயிறு காலை 6 மணிக்கு மேல் வந்து இறங்குபவர்கள் உண்டு. அதற்குள் முகூர்த்தம் முடிந்து, பால் பொங்கி, பந்தி நடந்துகொண்டிருக்கும். அதனால் “சனி இரவு விடிந்தால் ஞாயிறு” என்று நம் வழக்கிலேயே எழுதி, எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். “வருகிற ஞாயிறு”, “அடுத்த ஞாயிறு” என்று எங்கேயும் எழுத வேண்டாம். செய்தியைத் திங்களன்று படிப்பவருக்கும் சனியன்று படிப்பவருக்கும் அது வேறு வேறு நாள்.

உங்கள் விவரங்களை வைத்து எழுதினால் செய்தி இப்படி இருக்கும்:

*கிரகப்பிரவேசம் – நாள் மாற்றம்*

உறவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 30 அன்று நடக்கவிருந்த எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தைச் செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம்.
*ஆகஸ்ட் 30 அன்று எந்த நிகழ்ச்சியும் இல்லை.*

*புதிய நாள்:* செப்டம்பர் 13, ஞாயிறு (ஆவணி 28)
*முகூர்த்தம்:* அதிகாலை 4.30 – 6.00 (சனி இரவு விடிந்தால் ஞாயிறு)
*இடம்:* பத்திரிகையில் உள்ள அதே முகவரி
*காலை உணவு:* 6.30 முதல்

வீட்டுக்காரர் ராசிக்கு இன்னும் பொருத்தமான நாளாகப் பெரியவர்கள் பார்த்துச் சொன்னதால் மாற்றியிருக்கிறோம். மற்றபடி எல்லோரும் நலம்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் செப்டம்பர் 12, சனி இரவு 9 மணிக்குள் திருச்சி வந்துவிடுங்கள். தங்க இடம் ஏற்பாடு செய்கிறோம். 14ஆம் தேதி திங்கள் விநாயகர் சதுர்த்தி என்பதால் ரயில், பேருந்து டிக்கெட்டை உடனே பார்த்துவிடுங்கள்.

எத்தனை பேர், எப்போது வருகிறீர்கள் என்பதை ஆகஸ்ட் 25க்குள் இந்த எண்ணுக்குத் தனியாகத் தெரிவியுங்கள்: (உங்கள் எண்)

ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டுகிறோம்.

– (இருவர் பெயரும்)

“மற்றபடி எல்லோரும் நலம்” என்ற மூன்று சொற்களை விட்டுவிடாதீர்கள். வரப்போகும் போன்களில் பாதியை அது நிறுத்திவிடும். “பெரியவர்கள் பார்த்துச் சொன்னதால்” என்பதில் பெரியப்பாவும் அடங்குகிறார். அவர் 13ஆம் தேதியைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் இந்த வரி உண்மையாகும். அதனால்தான் அவரிடம் முதலில் பேசச் சொன்னேன். டிக்கெட் வரி இந்தத் தேதிக்கே உரியது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வருவதால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வெள்ளி இரவு, சனி காலை ரயில்களில் இடம் சீக்கிரம் தீரும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுவதால், உங்கள் செய்தி போகும்போதே பல ரயில்களில் காத்திருப்போர் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய டிக்கெட்டை ரத்து செய்வதையும் தள்ளிப்போட வேண்டாம் என்று போனில் பேசும்போது சொல்லுங்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.

பதிலைக் குழுவில் போடாமல் உங்கள் எண்ணுக்கு அனுப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்பது பேரும் குழுவிலேயே “சரி”, “வாழ்த்துகள்”, கும்பிடும் கை என்று போட்டால் அரை மணி நேரத்தில் உங்கள் செய்தி மேலே போய் மறைந்துவிடும். அனுப்பியதும் அதைக் குழுவின் மேல்பகுதியில் பின் செய்யுங்கள். 30 நாள் வரை வைக்கலாம், உங்கள் விழாவுக்குள் இரண்டு மூன்று நாள் குறைந்தால் மறுபடி பின் செய்துகொள்ளலாம். சில குழுக்களில் அட்மின் மட்டும்தான் பின் செய்ய முடியும், அப்படியானால் அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். செய்தியை எழுத்தாகவே அனுப்புங்கள். படத்தில் போட்ட தேதியைப் பிறகு தேடி எடுக்க முடியாது, குரல் பதிவில் சொன்னதைத் திரும்பக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்குக் குரல் பதிவு தனியாகப் போகலாம். அனுப்பியதும் நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தவறு இருந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும், அதற்குப் பிறகு முடியாது.

நேரம் மாலை 7.30ஐ ஒட்டி இருக்கட்டும். அனுப்பும் முன் குழுவில் கடைசியாக என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். யாருடைய மறைவுச் செய்தியாவது இருந்தால் அன்று வேண்டாம், மறுநாள் அனுப்புங்கள். பகலில் அனுப்ப நேர்ந்தால் ராகு காலத்தைத் தவிர்த்து அனுப்புங்கள், அதில் உங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை. கவனிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு.

மறுநாள் மாலை, அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் விவரத்தில் யார் பார்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர்களை ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொருவராக அழையுங்கள். நீல டிக் வசதியை அணைத்து வைத்திருப்பவர்கள் பெயர் கூட, குழுவில் பார்த்தால் அங்கே வந்துவிடும். ஆனால் பார்த்ததாகக் காட்டுவது படித்ததற்குச் சான்று ஆகாது. பேரன் கையில் போன் இருந்தாலும் பார்த்ததாகத்தான் காட்டும். எழுபது வயது தாண்டியவர்களுக்குப் பட்டியலில் பெயர் இருந்தாலும் போன் செய்துவிடுவது நல்லது, பேச்சின் முடிவில் தேதியை அவர்கள் வாயால் ஒருமுறை சொல்ல வையுங்கள்.

பழைய அழைப்பிதழின் படம் ஏற்கெனவே குழுவில் இருக்கிறதென்றால் அதுதான் உங்களுக்குத் தொடர்ந்து தொல்லை தரும். அனுப்பி இரண்டு நாளைத் தாண்டிவிட்டால் எல்லோர் போனிலிருந்தும் நீங்களே நீக்க முடியாது. அட்மின் நீக்கினாலும், வேறு குழுக்களுக்கு அனுப்பப்பட்ட பிரதிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் புதிய படத்தை நிறம் மாற்றிச் செய்யுங்கள். பழையது மஞ்சள் என்றால் புதியது பச்சை. மேலே பெரிதாகச் “செப்டம்பர் 13” என்று இருக்கட்டும். “பச்சை நிறப் பத்திரிகைதான் சரி” என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், தேதியை மறந்தவர்களுக்கு நிறம் நினைவில் இருக்கும். கையில் மிச்சமிருக்கும் 190 பத்திரிகைகளில் தேதியைப் பேனாவால் அடித்து எழுத வேண்டாம், சுபப் பத்திரிகையில் அடித்தல் திருத்தல் பலருக்கு ஒவ்வாது. புது நாளும் நேரமும் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கரைப் பழைய தேதியின் மேல் முழுவதும் மறையும்படி ஒட்டி, ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுங்கள்.

வாடகை வீட்டை ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்ய வேண்டிய நிலை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இடையில் ஒரு நல்ல நாளில் வீட்டோடு பால் காய்ச்சிக் குடிபோய்விட்டு, ஹோமத்தையும் விருந்தையும் 13இல் வைப்பது பலர் செய்வதுதான்; வாத்தியாரிடம் கேட்டுச் செய்யுங்கள். அப்படிச் செய்தால் அந்தப் படங்களை ஸ்டேட்டஸில் போட வேண்டாம். “எங்களைக் கூப்பிடாமலே பால் காய்ச்சிவிட்டார்கள்” என்ற வருத்தம் நீங்கள் எத்தனை போன் செய்தாலும் ஆறாது.

நினைவூட்டல் இரண்டு தேவை. எல்லோரும் புது நாளுக்கு முன்னால் மட்டும் அனுப்புவார்கள். அதைவிட முக்கியம் பழைய நாளுக்கு முன்னால் போவது. ஆகஸ்ட் 26, புதன் மாலை, “வருபவர்கள் கவனத்துக்கு: 30 அன்று விழா இல்லை, செப்டம்பர் 13தான்” என்று இரண்டு வரி போடுங்கள். வெள்ளி, சனி புறப்படத் தயாராகிறவர்கள் அன்றுதான் பெட்டி கட்ட ஆரம்பிப்பார்கள். அடுத்தது செப்டம்பர் 7, திங்கள்: நேரம், தங்குமிடம், யார் அழைத்து வருவார் என்ற விவரத்தோடு.

இவ்வளவுக்குப் பிறகும் ஆகஸ்ட் 30 அதிகாலை ஒருவராவது புது வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடும். அன்று 4 மணியிலிருந்து உங்கள் போன் ஒலியோடு இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். வந்தவர் யாராக இருந்தாலும் கணவர் நேரில் போய் வீட்டுக்கு அழைத்து வந்து, காபி கொடுத்து, 13ஆம் தேதிக்கு மறுபடி வாயால் அழைத்து அனுப்பட்டும்.